விளம்பரமும் விற்பனையும்: தள்ளி வைத்துப் பார்த்தால் தெரியுமா?

இது கொஞ்சம் நீளமான கட்டுரை. நடுவில் கணக்கு வேறு வரும். கணக்கு என்றாலே ஓடுகிறவர்கள் கடைசி நான்கு பத்திகளை மட்டும் படித்துவிட்டு என்னைத் திட்டலாம், தவறில்லை :-)

விளம்பரத்துக்குப் போட்ட பணம் எத்தனை நாள் கழித்து விற்பனையாகத் திரும்பி வருகிறது? வியாபாரம் செய்கிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி உண்டு. இதற்குப் பதில் சொல்ல ஒரு சுலபமான வழியும் உண்டு. எக்ஸெல்லில் ஒரு பத்தியில் வாரா வாரம் செய்த விளம்பரச் செலவு, பக்கத்துப் பத்தியில் அந்தந்த வாரத்து விற்பனை. இரண்டுக்கும் கோரிலேஷன், அதாவது நம் பாடப் புத்தகத் தமிழில் ஒட்டுறவு, எவ்வளவு என்று பார்க்க வேண்டியது. பிறகு விற்பனைப் பத்தியை ஒரு வாரம் தள்ளி மறுபடி பார்க்க வேண்டியது. பிறகு இரண்டு வாரம், மூன்று வாரம். எந்தத் தள்ளலில் எண் பெரிதாக வருகிறதோ, "விளம்பரம் வேலை செய்ய இத்தனை வாரம் ஆகிறது" என்று முடிவு கட்டிவிடலாம். பி.காம் புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு இது அழகாக ஒரு அத்தியாயம் தரும். கிராஃப் வேறு போடலாம்.

இந்த வழி அறவே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பக்கம் மட்டும் தள்ளிப் பார்க்கிறோமே, அதுதான் தப்பு என்பது என் கட்சி. முன்னால் தள்ளுவதைப் போலவே பின்னாலும் தள்ளிப் பார்க்க வேண்டும். பின்னால் தள்ளும்போது வருகிற எண்தான் முன்னால் தள்ளி வந்த எண்ணை நம்பலாமா கூடாதா என்று சொல்கிறது. இதை அம்போவென்று சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். அதனால் ஒரு நிஜமான கம்பெனியின் நிஜமான கணக்கை வைத்தே பார்த்துவிடலாம்.

பாட்டி மருந்துக் கம்பெனி

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லின் என்று ஓர் ஊர். அங்கே லிடியா பிங்க்கம் என்ற அம்மாள் பெண்களின் உபாதைகளுக்காக வீட்டில் மூலிகைக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்து வந்தார். 1875-இல் குடும்பமாக அதை விற்க ஆரம்பித்தார்கள். அந்த அம்மாளின் முகத்தையே படமாகப் போட்டு பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார்கள். கஷாயத்தில் மூலிகையோடு கணிசமாக ஆல்கஹாலும் இருந்தது என்பது தனிக்கதை. 1883-இல் அவர் இறந்த பிறகும் முகம் விளம்பரத்தில் தொடர்ந்தது, வியாபாரமும் தொடர்ந்தது.

இந்தக் கம்பெனியில் ஒரு விசேஷம். ஊர் ஊராக அனுப்ப விற்பனைப் பிரதிநிதிகள் என்று பெரிதாக யாரும் கிடையாது, தள்ளுபடி கிடையாது, விலையும் அடிக்கடி மாறாது. சரக்கை நகர்த்த அவர்கள் நம்பியது விளம்பரத்தை மட்டும்தான். வருகிற நூறு டாலரில் ஏறக்குறைய ஐம்பது டாலரை அதற்கே கொட்டினார்கள். விற்பனையை ஆட்டுகிற மற்ற விஷயங்கள் இவ்வளவு குறைவாக இருக்கிற கம்பெனி கிடைப்பது அபூர்வம். குடும்பத்துக்குள் சண்டை வந்து கோர்ட் வரை போனதில் கம்பெனிக் கணக்குகள் வெளியே வந்தன. கிறிஸ்டியன் பால்டா என்பவர் 1907 முதல் 1960 வரையான வருடக் கணக்கை எடுத்து ஆராய்ந்து 1964-இல் ஒரு புத்தகமே போட்டார். விளம்பரத்தின் பின்விளைவு பற்றிப் பேசுகிற யாரும் அன்றிலிருந்து இந்தக் கணக்கைத் தொடாமல் போவதில்லை.

முதலில் ஏழு வருடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். எல்லாம் லட்சம் டாலரில்.

1922: விளம்பரம் 13.60, விற்பனை 27.26
1923: விளம்பரம் 14.82, விற்பனை 31.85
1924: விளம்பரம் 16.08, விற்பனை 33.51
1925: விளம்பரம் 18.00, விற்பனை 34.38
1926: விளம்பரம் 19.41, விற்பனை 29.17
1927: விளம்பரம் 12.29, விற்பனை 23.59
1928: விளம்பரம் 13.73, விற்பனை 22.40

எக்ஸெல்லில் முதல் வரிசை தலைப்பு, இரண்டாவது வரிசையில் 1922, எட்டாவதில் 1928. வருடம் A பத்தியில், விளம்பரம் B-யில், விற்பனை C-யில். 1923 முதல் 1927 வரை ஐந்து வருட விளம்பரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, விற்பனையை மட்டும் நகர்த்துகிறோம்.

```
=CORREL(B3:B7, C3:C7)
=CORREL(B3:B7, C4:C8)
=CORREL(B3:B7, C2:C6)
```

முதல் வரி அதே வருட விற்பனையோடு ஒப்பிடுகிறது: 0.57. இரண்டாவது அடுத்த வருட விற்பனையோடு: 0.03. வழக்கமான ரிப்போர்ட் இந்த இடத்தில் நின்றுவிடும். "விளம்பரத்தின் பலன் அதே வருடத்தில் வந்துவிடுகிறது, அடுத்த வருடத்துக்கு எதுவும் மிஞ்சுவதில்லை" என்று எழுதி, கீழே கோடு போட்டு, கையெழுத்தும் வாங்கியாகிவிடும்.

மூன்றாவது வரியைப் பாருங்கள். அது விளம்பரத்தைப் *போன* வருட விற்பனையோடு ஒப்பிடுகிறது. வருகிற எண் 0.84. மூன்றிலும் பெரியது இதுதான்!

1926-இல் போட்ட விளம்பரம் 1925-இல் யாரையும் கடைக்கு அனுப்பியிருக்க முடியாது. அப்படியென்றால் இந்த 0.84 எதைக் காட்டுகிறது? பட்ஜெட் போட்டவரின் பழக்கத்தைக் காட்டுகிறது. ஒவ்வொரு வருட விளம்பரத்தையும் அதற்கு முந்தைய வருட விற்பனையால் வகுத்துப் பாருங்கள். 1923-இல் 54 சதவீதம், 1924-இல் 50, 1925-இல் 54, 1926-இல் 56. போன வருடம் எவ்வளவு விற்றதோ அதில் பாதிக்கு மேல் கொஞ்சம் இந்த வருட விளம்பரத்துக்கு. நன்றாக விற்றால் நிறைய விளம்பரம், சரியாக விற்காவிட்டால் கொஞ்சம் விளம்பரம். 1925-இல் விற்பனை உச்சத்தைத் தொட்டது. விளம்பரம் உச்சத்தைத் தொட்டது அதற்கு அடுத்த வருடம், விற்பனை இறங்க ஆரம்பித்த பிறகு. 1926-இல் விற்பனை விழுந்ததும் 1927-இல் விளம்பரத்தை வெட்டினார்கள்.

ஆக இந்த ஏழு வருடத்தில் வண்டி மாட்டை இழுத்திருக்கிறது. விற்பனை முன்னால் போக, விளம்பரம் பின்னால் போயிருக்கிறது. இந்த நிலையில் முன்னால் தள்ளி வந்த 0.57, 0.03 இரண்டையும் விளம்பரத்தின் பலன் என்று படிக்க வழியே இல்லை. அதே வருடத்தின் 0.57-இல் எவ்வளவு விளம்பரத்தின் வேலை, எவ்வளவு பட்ஜெட் பழக்கத்தின் வேலை என்று பிரித்துச் சொல்ல அந்த எண்ணுக்கு வாய் கிடையாது.

இன்னொரு சின்ன ஆபத்தும் இதில் இருக்கிறது. தள்ளும்போது அவசரத்தில் விற்பனைப் பத்தியை மேலே ஏற்றுவதற்குப் பதிலாகக் கீழே இறக்கிவிட்டால், உங்களுக்கு முதலில் கிடைப்பதே அந்த 0.84-தான். "ஒரு வருடம் கழித்துப் பலன் அமோகம்" என்று எழுதிவிடுவீர்கள். கோரிலேஷனுக்குத் திசை தெரியாது, அது உங்களை எச்சரிக்காது. ஒவ்வொரு ஜோடிக்கும் பக்கத்தில் "1924 விளம்பரம், 1925 விற்பனை" என்று கையால் எழுதிப் பார்த்தால் போதும், பிழை தானாகக் கண்ணில் படும்.

பழக்கம் உடைந்த வருடங்கள்

அப்படியானால் இந்தக் கணக்கில் உபயோகமாக எதுவுமே இல்லையா? இருக்கிறது. பட்ஜெட் பழக்கம் உடைந்த இடத்தில் இருக்கிறது. அதே கம்பெனியின் அடுத்த பத்தாண்டைப் பாருங்கள்.

1932: விளம்பரம் 10.46, விற்பனை 16.44
1933: விளம்பரம் 14.53, விற்பனை 18.14
1934: விளம்பரம் 15.04, விற்பனை 17.70
1935: விளம்பரம் 8.07, விற்பனை 15.18
1936: விளம்பரம் 3.39, விற்பனை 11.03
1937: விளம்பரம் 5.62, விற்பனை 12.66
1938: விளம்பரம் 7.45, விற்பனை 14.73

1934-இல் விற்பனை அதிகம் விழவில்லை, இரண்டு சதவீதம்தான் சரிவு. ஆனால் 1935-இல் விளம்பரத்தை 46 சதவீதம் வெட்டினார்கள். அடுத்த வருடம் மீதியிலும் 58 சதவீதம் வெட்டு. "போன வருட விற்பனையில் பாதி" என்ற கணக்குக்கு இது கொஞ்சமும் ஒத்துவராது. 1936-இன் விளம்பரம் முந்தைய வருட விற்பனையில் 22 சதவீதம்தான். விற்பனை சொன்னதைக் கேட்டு விளம்பரம் நடந்துகொள்ளாத வருடங்கள் இவை. நமக்கு வேண்டியதும் இவைதான்.

இப்போது 1933 முதல் 1937 வரையான விளம்பரத்தை வைத்து அதே மூன்று வரிகளைப் போட்டால், அதே வருட விற்பனையோடு 0.98, அடுத்த வருட விற்பனையோடு 0.65, போன வருட விற்பனையோடு 0.60. உச்சம் சரியான பக்கத்துக்கு வந்துவிட்டது. விளம்பரத்தை வெட்டிய இரண்டு வருடத்திலும் விற்பனை விழுந்தது, திரும்பக் கூட்டிய இரண்டு வருடத்திலும் விற்பனை எழுந்தது. ஐந்தே ஐந்து வருடம், அதுவும் அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் கிடந்த காலம் என்பதால் இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் முந்தைய ஐந்து வருடத்தைவிட இது பல மடங்கு நம்பகமான சாட்சி.

ஒரே கம்பெனி, ஒரே மருந்து, ஒரே சூத்திரம். இரண்டு துண்டுக்கும் இரண்டு விதமான பதில். மாறியது என்ன? பணத்தை ஏன் கூட்டினார்கள், ஏன் குறைத்தார்கள் என்ற காரணம் மாறியது. தள்ளிப் பார்க்கிற முறை அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லாது. அதை நாம்தான் பட்ஜெட் போட்டவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

0.98 என்றால் லாபமா?

இங்கே வணிகவியல் படிக்கிறவர்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 0.98 என்று பார்த்ததும் "விளம்பரம் இவ்வளவு அருமையாக வேலை செய்கிறதே, கூட்டுங்கள்" என்று சொல்லத் தோன்றும். 1934-இலிருந்து 1936-க்குள் விளம்பரத்தில் மிச்சம் பிடித்தது 11.65 லட்சம் டாலர். அதே காலத்தில் விற்பனையில் இழந்தது 6.67 லட்சம் டாலர். அந்த இழப்பு முழுவதும் விளம்பர வெட்டினால்தான் என்று வைத்துக்கொண்டாலும், இழந்ததைவிட மிச்சம் பிடித்தது அதிகம். அதிலும் 6.67 என்பது விற்பனை. சரக்குச் செலவைக் கழித்தால் லாபத்தில் விழுந்த ஓட்டை இன்னும் சின்னது.

உடனே "அப்போ விளம்பரமே தண்டம்" என்றும் குதிக்கக் கூடாது. இரண்டு வருடம் விளம்பரம் பார்க்காத வாடிக்கையாளர் அதற்குப் பின்னும் பல வருடம் வராமல் போகலாம், அந்தச் செலவு இந்தக் கணக்கில் இல்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: இரண்டு எண்களும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பதை மட்டும் கோரிலேஷன் சொல்லும். ஒரு ரூபாய் போட்டால் எத்தனை ரூபாய் வந்தது என்பதற்கு அதில் பதில் இல்லை. முதலாளி கேட்பதோ இரண்டாவது கேள்வி.

வருடமா, மாதமா, நாளா?

இன்னொரு சிக்கல், அளவுகோலில் இருக்கிறது. பிங்க்கம் கணக்கு வருடக் கணக்கு. ஜனவரி விளம்பரமும் டிசம்பர் விளம்பரமும் ஒரே டப்பாவில் விழுகின்றன. ஜனவரியில் போட்டதன் பலன் முழுவதும் அதே வருடத்தில் வந்துவிடும். டிசம்பர் 25-இல் போட்டதன் பலனில் பெரும்பகுதி அடுத்த வருடத்தில் விழும். பத்து நாளில் வந்த பலன்கூடக் கணக்கில் "ஒரு வருடம் தள்ளி" வந்ததாகத் தெரியும். அதனால் வருடக் கணக்கை வைத்துப் பார்த்தால் விளம்பரத்தின் ஆயுள் பல வருடம் என்று வரும். டேரல் கிளார்க் என்பவர் 1976-இல் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிட்டபோது இதைத்தான் கண்டார். வருடக் கணக்கை வைத்தவர்களுக்கு ஆயுள் வருடக் கணக்கில் வந்தது, மாதக் கணக்கை வைத்தவர்களுக்கு மாதக் கணக்கில் வந்தது. அடிக்கடி வாங்குகிற, விலை குறைந்த, ஏற்கெனவே நிலைத்துவிட்ட பொருள்களுக்கு விளம்பரப் பலனில் 90 சதவீதம் 3 முதல் 9 மாதத்துக்குள் வந்துவிடுகிறது என்பது அவர் முடிவு.

சரி, நாள் கணக்குக்கு இறங்கிவிட்டால் தீர்ந்ததா? அங்கே வேறு பூதம் காத்திருக்கிறது. நம் ஊர் ஜவுளிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம். கடைக்காரரும் விவரமானவர், ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில்தான் பெரிய விளம்பரம் கொடுப்பார். இப்போது விற்பனையை 7 நாள் தள்ளினால் எண் பெரிதாக வரும். 14 நாளிலும் வரும், 21 நாளிலும் வரும். விளம்பரத்தின் பலன் வாரா வாரம் செத்துப் பிழைக்கிறதா என்ன? ஞாயிறு திரும்ப ஞாயிறோடு மோதுகிறது, அவ்வளவுதான். பின்னால் 7 நாள் தள்ளிப் பாருங்கள், அதே அளவுக்கு எண் வரும். அங்கேயே குட்டு உடைந்துவிடும். தீபாவளியும் இப்படித்தான். ஐப்பசியில் விளம்பரமும் கூடுகிறது, விற்பனையும் கூடுகிறது. விளம்பரமே இல்லாவிட்டாலும் தீபாவளிக்குத் துணி எடுக்காமல் இருப்போமா?

இதற்கு மருந்து உண்டு. ஞாயிறை மற்ற ஞாயிறுகளின் சராசரியோடு ஒப்பிட்டு, அந்தச் சராசரியைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்ற வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். திங்களுக்கும் செவ்வாய்க்கும் அப்படியே. தீபாவளி வாரங்களைப் போன வருடத் தீபாவளி வாரங்களோடுதான் ஒப்பிட வேண்டும், அதுவும் தேதியை வைத்து அல்ல, பண்டிகைக்கு எத்தனை நாள் முன்னால் என்பதை வைத்து. விளம்பரச் செலவுக்கும் இதே கழித்தலைச் செய்ய வேண்டும். இரண்டையும் இப்படிச் சுத்தம் செய்த பிறகு தள்ளிப் பார்த்தால், 7, 14, 21 என்று வந்த போலி உச்சங்கள் அடங்கிவிடும். மிச்சம் நிற்கிற உச்சம் ஏதாவது இருந்தால் அதைப் பற்றிப் பேசலாம்.

சுத்தம் செய்த பிறகும் "உச்சம் மூன்றாம் வாரத்தில், ஆகவே பலன் மூன்றாம் வாரத்தில்" என்று படிக்கக் கூடாது. பலன் தபால்காரர் மாதிரி ஒரு நாள் வந்து போவதில்லை, பெருங்காய டப்பாவின் வாசம் மாதிரி மெல்லத் தேய்கிறது. ஒரு விளம்பரம் முதல் வாரத்தில் 40 ரூபாய் விற்பனை, அடுத்த வாரம் 20, பிறகு 10, பிறகு 5 என்று கொண்டு வருவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் ஏறக்குறைய 80 ரூபாய், அதில் பாதி முதல் வாரத்துக்குப் பிறகு வருகிறது. ஒவ்வொரு வாரமாகத் தள்ளிப் பார்க்கிறவருக்கு உச்சம் முதல் வாரத்தில் தெரியும், "அதே வாரத்தில் தீர்ந்துவிட்டது" என்பார். பின்னால் வந்த 40 ரூபாயைத் தொலைத்துவிடுவார்.

சரி, என்னதான் செய்வது?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தள்ளிப் பார்க்கிற முறையை ஆதாரமாகக் காட்டக் கூடாது, சந்தேகத்தைக் கிளப்பும் கருவியாக வைத்துக்கொள்ளலாம். முன்னால் நான்கு தள்ளல் போட்டால் பின்னாலும் நான்கு போட்டு, எட்டையும், தள்ளாத ஒன்றையும் சேர்த்து ஒன்பது எண்களையும் ஒரே படத்தில் காட்ட வேண்டும். பின்பக்கம் மேடாக இருந்தால், பட்ஜெட் விற்பனையைப் பின்தொடர்கிறது அல்லது இரண்டையும் மூன்றாவது ஏதோ ஒன்று ஆட்டுகிறது என்று வெளிப்படையாக எழுத வேண்டும். நல்ல எண் வந்த ஒரு தள்ளலை மட்டும் பொறுக்கி எடுத்து ரிப்போர்ட்டில் வைப்பது, பத்துப் பரீட்சை எழுதி நன்றாக வந்த மார்க்கை மட்டும் வீட்டில் காட்டுகிற மாதிரி.

உண்மையிலேயே பதில் வேண்டுமென்றால் பட்ஜெட் பழக்கத்தை வேண்டுமென்றே உடைக்க வேண்டும். பிங்க்கம் கம்பெனியில் தற்செயலாக நடந்ததைத் திட்டமிட்டுச் செய்ய வேண்டும். ஈபே நிறுவனம் 2012-இல் இதைச் செய்து பார்த்தது. யாராவது தேடுபொறியில் "ஈபே" என்று அடித்தால் மேலே விளம்பரமாக ஈபே வருவதற்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாஹூவிலும் எம்எஸ்என்-னிலும் அதை நிறுத்தினார்கள், கூகுளில் மட்டும் தொடர்ந்தார்கள். விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் 99.5 சதவீதம் பேர் கீழே இருக்கிற இலவச இணைப்பு வழியாக வந்துவிட்டார்கள்! பிளேக், நாஸ்கோ, டடெலிஸ் மூவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் இது இருக்கிறது. நிறுத்திப் பார்க்கும் வரை ஒவ்வொரு கிளிக்கும் விளம்பரத்தின் சாதனையாகத்தான் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

ஈபேக்கு அந்தப் பணம் கொசுக்கடி. நான்கு ஊரில் கடை வைத்திருப்பவருக்கு அது அடுத்த மாதச் சம்பளப் பட்டுவாடா. விற்பனை குறைந்த மாதத்தில் அவர் விளம்பரத்தைக் குறைக்கிறார், பிறகு யாரோ வந்து "பாருங்கள், விளம்பரம் குறைந்ததால்தான் விற்பனை குறைந்தது" என்று அவருடைய பழக்கத்தையே அவருக்கு ஆதாரமாகக் காட்டி இன்னும் செலவு செய்ய வைக்கிறார். அந்த நால்வரில் இரண்டு ஊரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஆறு வாரம் அங்கே மட்டும் விளம்பரத்தை நிறுத்தி, மற்ற இரண்டு ஊரில் வழக்கம்போல் தொடர்ந்தால், நூறு தள்ளலில் தெரியாதது ஓரளவு தெரியும். நான்கு ஊர் என்பது கம்மிதான், அடுத்த ஆறு வாரம் ஊர்களை மாற்றிப் போட்டுச் சரிபார்க்கலாம். நிறுத்திய பிறகு விற்பனை எத்தனை வாரம் தாங்குகிறது என்று எண்ணினால், நாம் முதலில் கேட்ட "எத்தனை நாள்" என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் இருக்கும்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் ஒரு தள்ளலும் ஒரு பெரிய எண்ணும் காட்டினால், "பின்னால் தள்ளினால் எவ்வளவு வருகிறது?" என்று மட்டும் கேளுங்கள். அவர் பார்த்திருக்கிறாரா இல்லையா என்பது முகத்திலேயே தெரிந்துவிடும்.